‘எல்லாம் நார்மல்’ என்று வந்த வயிற்றுவலி

கேள்வி: மேடம், நான் மனநல முதுகலை இரண்டாம் ஆண்டு. இப்போது பொது வார்டுகளில் லியேசான் டியூட்டி. சர்ஜரி வார்டில் இருந்து “நாள்பட்ட வயிற்றுவலி, எல்லா டெஸ்ட்டும் நார்மல், மனநலக் கருத்து தேவை” என்று அழைப்பு வருகிறது. நோயாளியிடம் பேசினால் ஏதாவது ஒரு குடும்பப் பிரச்சினை கண்டிப்பாகக் கிடைக்கிறது. அதையே காரணம் என்று எழுதிவிடலாமா? எப்படி யோசிப்பது?

பதில்:

எழுதக்கூடாது. வட சென்னையில் எந்த வார்டில் எந்தக் கட்டிலருகே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினாலும் ஒரு கடன், ஒரு குடி, ஒரு சாவு வெளியே வரும். பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல்லோடு படுத்திருப்பவரிடமும் அது இருக்கும். எல்லாரிடமும் இருக்கிற ஒன்று, இவருக்கு மட்டும் ஏன் இந்த இடத்தில் வலிக்கிறது என்பதைச் சொல்லாது.

உங்களுக்கு வந்த அந்த ஒரு வரியில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. “எல்லா டெஸ்ட்டும் நார்மல்” என்பது முதலாவது. இதை நீங்களே சரிபார்க்க வேண்டும். “ஆகவே மனம்” என்பது இரண்டாவது. முதலாவது உண்மையாகவே இருந்தாலும் இரண்டாவது அதிலிருந்து வந்துவிடாது. மனநல நோயறிதலுக்கு அதற்கென்று சொந்தச் சான்று வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பது அந்தச் சான்று ஆகாது.

சென்ற அக்டோபரில் நானும் ஒரு பயிற்சி மருத்துவரும் சேர்ந்து பார்த்த ஒருவரை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு வயது 44. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைப் பக்கம் தெருவோரம் விற்பவர். வலது பக்க அடிவயிற்றில் பதினான்கு மாதமாக வலி. சென்ற ஆண்டு டிசம்பரில் வேறொரு மருத்துவமனையில் அப்பெண்டிக்ஸை எடுத்துவிட்டார்கள். அப்படியும் வலி போகவில்லை. மூன்றாவது முறையாக வார்டில் சேர்ந்திருந்தார். பயிற்சி மருத்துவர் ஏற்கெனவே பேசி முடித்து, கணவருக்குச் சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டது, ஆறு வாரத்தில் வலி தொடங்கியது, காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, ஆறு கிலோ எடை குறைந்திருக்கிறது என்று அழகாக எழுதி வைத்திருந்தார். முடிவாக, மன அழுத்தத்தால் வந்த உடல்வலி என்று ஒரு வரி. படித்தால் யாருக்கும் சரி என்றுதான் தோன்றும். அதில் இருந்த ஒவ்வொரு தகவலும் உண்மை, ஆனால் அவற்றை எதோடு எது என்று சேர்த்த விதம்தான் தவறு.

முதலில் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அரை மணி நேரம் ஆனது. ‘எல்லா டெஸ்ட்டும்’ என்றால் அல்ட்ராசவுண்ட் மூன்று, எண்டோஸ்கோப்பி ஒன்று, மருந்து ஏற்றி எடுத்த சிடி ஸ்கேன் ஒன்று, வழக்கமான ரத்தப் பரிசோதனைகள். நார்மல் என்ற சொல்லைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பழகுங்கள்: இந்தப் பரிசோதனைக்கு எது தெரியும், எது தெரியாது? எந்தத் தேதியில் எடுத்தது? சிடி ஸ்கேன் குடல், சிறுநீரகம், கருப்பைப் பகுதியையெல்லாம் காட்டும். வயிற்றுச் சுவரில் தசையைத் துளைத்து வருகிற மெல்லிய நரம்பு நசுங்கினால் அதைக் காட்டாது. இந்த ஸ்கேன் மார்ச்சில் எடுத்தது, எடை குறையத் தொடங்கியது மே மாதத்தில். எடைக் குறைவைப் பற்றி அந்த ஸ்கேனால் எதுவும் சொல்ல முடியாது. நம் ஊரில் வலது அடிவயிற்று வலியோடு எடையும் இறங்கினால் குடல் காசநோய் நினைவுக்கு வந்தே ஆக வேண்டும். அது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தைத்தான் அதிகம் பிடிக்கும். மனச்சோர்வில் எடை குறையும் என்பது உண்மைதான், ஆனால் காசநோயை ஒதுக்காமல் அந்தக் கணக்கில் எழுதக்கூடாது. ஈஎஸ்ஆரும், சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் கேட்டோம். இரண்டும் சுத்தமாக வந்தன.

இன்னொரு தாளும் கிடைத்தது. அப்பெண்டிக்ஸின் திசுப் பரிசோதனை அறிக்கை. அழற்சி எதுவும் இல்லை என்று இருந்தது. அதாவது எடுத்தது நல்ல அப்பெண்டிக்ஸ். அந்த அம்மாவிடம் யாரும் இதைச் சொன்னதில்லை.

அப்புறம் அவரிடம் போனோம். கூடவே இருந்த நாத்தனாரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, “உங்க வலி பொய்யின்னு சொல்லி என்னை அனுப்பலம்மா. வலி நிஜம், எங்கே இருந்து வருதுன்னு பார்க்கத்தான் வந்திருக்கேன்” என்று சொன்னேன். மனநல டாக்டர் என்று தெரிந்ததும் நோயாளியின் முகம் இறுகிப்போகும். இந்த வரியை முதலிலேயே சொல்லாவிட்டால், வலியை நிரூபிக்கும் வேலையில் அவர் இறங்கிவிடுவார். அதன்பின் கிடைக்கும் வரலாறு எதற்கும் உதவாது.

எப்படி வலிக்கிறது என்று கேட்டால் நோயாளி சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘அப்டாமினல் பெய்ன்’ என்று மாற்றி எழுதும்போது பாதித் தகவல் போய்விடுகிறது. விட்டுவிட்டு முறுக்குகிறது, பிசைகிறது என்றால் குடல், பித்தநாளம் போன்ற குழாய் உறுப்புகளை நினைக்கலாம். சுருக்கென்று குத்துகிறது, எரிகிறது, மரத்துப் போகிறது என்றால் நரம்பு. கனமாக இருக்கிறது, அசந்து போகிறது, ஒன்றும் ஓடவில்லை என்றால் மனநிலையைக் கேட்க வேண்டும். இவை சட்டம் கிடையாது, எந்தத் திசையில் போவது என்று காட்டும் குறிகள் மட்டுமே. இந்த அம்மா சொன்னது: “இங்கதான் டாக்டரம்மா, இந்த ஒரு எடத்துல. சுருக்குன்னு குத்தும், அப்புறம் எரிஞ்சிகினே கெடக்கும்.” ஆள்காட்டி விரலின் நுனியால் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, “ஒடம்பு மொத்தமும் கனமா கீது” என்றார். அதைச் சொல்லும்போது கை வயிற்றில் இல்லை, நெஞ்சில் இருந்தது. பயிற்சி மருத்துவரின் குறிப்பில் இந்த இரண்டும் ஒரே வலியாகப் போயிருந்தன.

கணவரின் கால் விஷயத்துக்கு வந்தோம். கால் எடுத்தது சென்ற ஆண்டு ஜூலை, வலி தொடங்கியது ஆகஸ்ட் கடைசி. நேரம் பொருந்துகிறது. நான் கேட்டது ஒரே கேள்வி: “அதுக்கு முன்னாடி கூடையை யார் தூக்குவாங்க?” கணவர்தான் ஐஸும் மீனும் போட்ட கூடையைத் தூக்கி வண்டியில் ஏற்றிக் கொடுப்பாராம். அவர் படுத்தபிறகு இவரே தூக்குகிறார். எப்படி என்று எழுந்து நின்று செய்து காட்டினார். குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பி, வலது இடுப்பின் மேல் ஏற்றி, அங்கிருந்து வண்டிக்கு. கூடையின் விளிம்பு அவர் காட்டிய அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து அமர்ந்தது.

ஒரே நிகழ்ச்சி உடம்புக்குள் இரண்டு வழியாகப் போகலாம். கால் போனது கவலையையும் கொடுத்தது, கூடையையும் கொடுத்தது. நிகழ்ச்சியையும் வலியையும் நேரத்தால் மட்டும் இணைத்தால், எந்த வழியாகப் போனது என்று தெரியாது. அதைப் பிரித்துப் பார்க்க, இரண்டு விளக்கங்களும் வெவ்வேறு பதிலைத் தரக்கூடிய ஒரு காலத்தைத் தேட வேண்டும். நோயறிதலில் எனக்கு மிகவும் உதவுவது இந்த ஒரு வேலைதான்.

காசிமேட்டில் அப்படி ஒரு காலம் ஆண்டுதோறும் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஃபைபர் படகு மீன் கொஞ்சம் வரும், மற்றபடி வியாபாரம் படுத்துவிடும். பணக் கஷ்டம் உச்சத்தில் இருக்கும் காலம் அது. வலிக்குக் கவலைதான் காரணம் என்றால் அந்த இரண்டு மாதத்தில் வலி கூடியிருக்க வேண்டும். கூடைதான் காரணம் என்றால் குறைந்திருக்க வேண்டும். கேட்டோம். குத்தல் பாதிக்குமேல் குறைந்திருந்தது. ஜூன் கடைசியில், தூக்கத் தொடங்கிய பத்து நாளில், திரும்பி வந்தது. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் நன்றாக இருந்ததற்கும் இதே விளக்கம் போதும். அந்த மாதம் அவர் எதையும் தூக்கவில்லை. ஆபரேஷன் பலித்தது என்று எல்லாரும் நம்பியது ஓய்வின் பலனை.

ஆனால் அதே தடைக்காலத்தில் வேறு ஒன்று மோசமாகியிருந்தது. பசி போனது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது நின்றது, பேரப்பிள்ளை மடியில் ஏறினால்கூட இறக்கிவிட்டார். குத்தல் இறங்கும்போது கனம் ஏறியிருக்கிறது. இரண்டு கோடுகள் எதிரெதிராகப் போனால் அவை ஒரே நோயாக இருப்பது கடினம்.

இனி உடல் பரிசோதனை. நாம் மனநல மருத்துவர்கள், வயிற்றைத் தொடுவது நம் வேலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். லியேசானில் அது நம் வேலைதான். இங்கே தேவைப்பட்டது கார்னெட் சோதனை. 1926-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கார்னெட் விவரித்தது. எந்தக் கருவியும் வேண்டாம். நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, அதிகம் வலிக்கும் இடத்தை ஒரு விரலால் அழுத்திக் கண்டுபிடியுங்கள். விரலை எடுக்காமல், கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு தலையையும் தோளையும் மட்டும் தூக்கச் சொல்லுங்கள். வயிற்றுத் தசை இறுகும். இப்போது அதே அழுத்தத்தில் வலி குறைந்தால், தசை உள்ளுறுப்பை மறைத்துக்கொண்டது, வலி உள்ளே இருந்து வருகிறது. வலி அப்படியே இருந்தாலோ கூடினாலோ, வலி சுவரில் இருக்கிறது. இவருக்குத் தலையைத் தூக்கியதும் “ஐயோ” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த இடத்துத் தோலை மட்டும் இரு விரலால் லேசாகக் கிள்ளிப் பார்த்தோம், இடது பக்கத்தில் அதே இடத்திலும் கிள்ளினோம். இடது பக்கம் வெறும் கிள்ளல், வலது பக்கம் எரிச்சல். ஸ்பிரிட் பஞ்சை வைத்தபோது வலது பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்தில் குளிர்ச்சி சரியாகத் தெரியவில்லை.

வயிற்றின் நேர்த்தசைக்கு வெளி ஓரத்தில், விலாவிடை நரம்பின் தோல்கிளை தசையைத் துளைத்து, கிட்டத்தட்ட செங்கோணமாகத் திரும்பி முன்னே வருகிறது. அந்தத் திருப்பத்தில் அது நசுங்கலாம். விரல்நுனி அளவு இடம், தூக்கும்போது வலி, தோலில் உணர்ச்சி மாற்றம், மூன்றும் அதோடு பொருந்துகின்றன.

கார்னெட்டைப் பெரிதாக நம்பிவிடவும் கூடாது. வயிற்றின் உள்சுவர்ப் படலத்தில் அழற்சி இருந்தாலும் அது நேர்மறையாக வரும். மனம் சார்ந்த வலி என்று கருதப்பட்டவர்களிடமும் வந்திருக்கிறது. அதனால் தனியாக அதை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை, தோல் உணர்ச்சி மாற்றமும் சேர்ந்ததால்தான் சான்று வலுத்தது. அதே ஓரத்தில் வரக்கூடிய சிறு குடலிறக்கம் உண்டா என்று, நிற்க வைத்து இருமச் சொல்லி அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள், இல்லை. சர்க்கரை நோயிலும் வயிற்றுச் சுவர் நரம்புகள் எரியும். இவருக்குச் சர்க்கரை இல்லை. அக்கிப் புண் வந்த தழும்பும் இல்லை. ஆபரேஷன் தழும்பில் நரம்பு மாட்டியிருக்குமா என்ற கேள்வி நியாயமானது, ஆனால் வலி ஆபரேஷனுக்கு முன்பே அதே இடத்தில் இருந்தது, தொடை இடுக்குக்கும் பரவவில்லை. முறுக்கும் வலியாக இருந்திருந்தால் ஈயத்தைப் பற்றியும் கேட்டிருப்பேன். பழைய பேட்டரி உடைக்கும் வேலை, மாதக்கணக்கில் சாப்பிடும் பஸ்பங்கள் இரண்டையும் நம் பகுதியில் கேட்காமல் விடக்கூடாது.

இந்த இடத்தில் கேஸ் ஷீட்டில் பார்த்த, என்னை வருத்திய ஒரு குறிப்பைச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு முறை இவருக்கு வலி ஊசி என்று சொல்லி டிஸ்டில்டு வாட்டர் போட்டிருக்கிறார்கள். வலி குறைந்தது. “ஆகவே மனரீதியானது” என்று எழுதியிருந்தது. இது தவறான சோதனை. எலும்பு முறிந்தவருக்கும் ஆபரேஷன் ஆனவருக்கும்கூட வெறும் ஊசியால் வலி குறைவது உண்டு. வலி குறையும் என்ற எதிர்பார்ப்பே வலியைக் குறைக்கிறது, எந்த வலியையும். அதனால் இந்தச் சோதனை எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. நோயாளியை ஏமாற்றுவதும் ஆகிறது. இவருக்கு அது பின்னால் தெரியவந்து, அந்த மருத்துவமனைக்குப் போவதையே நிறுத்தியிருந்தார்.

எங்கள் சோதனை ஊசிக்கும் அதே சந்தேகம் பொருந்தும் என்பதை மறக்கவில்லை. வலி கிளினிக் மயக்கவியல் மருத்துவர், என்ன மருந்து, எதற்கு என்று சொல்லிவிட்டு, அந்தப் புள்ளியில் ஒரு சதவீத லிக்னோகெய்ன் 5 மில்லி போட்டார். பதினைந்து நிமிடத்தில் வலி பத்துக்கு எட்டில் இருந்து இரண்டுக்கு வந்தது. எண் குறைந்தது மட்டும் எனக்குப் போதாது. கார்னெட்டைத் திரும்பச் செய்தோம், இப்போது வலி இல்லை. சில மணி நேரம் கழித்து, மரப்பு விடும்போது குத்தல் மெல்லத் திரும்பியது. மருந்தின் கால அளவோடு வலி போய் வந்தது.

சரி, அப்படியானால் மனநலத்தில் ஒன்றும் இல்லையா? உண்டு. சுவர்வலி கண்டுபிடித்ததும் “உடல் நோய்தான், எங்கள் வேலை முடிந்தது” என்று போவதும் முதல் தவறைப் போலவே இன்னொரு தவறு.

மூன்று மணி விழிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் அது ஆழ்ந்த மனச்சோர்வின் அடையாளம். ஆனால் விடியுமுன் ஏலத்துக்குப் போகிறவர் மூன்று மணிக்கு எழுந்தால் அது தொழில். அதனால் தடைக்காலத்திலும் வார்டிலும் எத்தனை மணிக்கு விழிப்பு என்று கேட்டோம். ஒரு மணிக்கு. அதன்பின் தூக்கம் இல்லை, விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு, கணவரின் காலில் புண் வந்தபோது முன்பே கூட்டிப்போகாமல் விட்டேனே என்று ஒரே எண்ணம். காலையில் மோசம், மாலையில் கொஞ்சம் தேவலை. மே மாதத்தில் இருந்து தினமும். சாவைப் பற்றி நேராகக் கேட்டேன். “பூட்டா நல்லாருக்கும்னு தோணும், ஆனா அவருக்கு யாரு சோறு போடறது” என்றார். திட்டம் இல்லை, முயற்சி இல்லை. இது மனச்சோர்வு நோய்தான், மிதமான அளவு. ஸ்கேன் நார்மல் என்பதால் இதைச் சொல்லவில்லை, அதற்கான அறிகுறிகள் இருந்ததால் சொன்னோம். லிக்னோகெய்ன் போட்டு வலி இரண்டுக்கு வந்த அன்று இரவும் ஒரு மணிக்கு விழித்துக்கொண்டார்.

பயிற்சி மருத்துவர் கேட்டது: இதை உடல் அறிகுறிக் கோளாறு என்று சொல்லக்கூடாதா? 2013-இல் வந்த டிஎஸ்எம்-5, அறிகுறி ‘மருத்துவத்தால் விளக்க முடியாததாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. இப்போது பார்க்க வேண்டியது, அறிகுறியைச் சுற்றி நோயாளியின் எண்ணமும் பயமும் நடத்தையும் அளவு மீறி இருக்கின்றனவா என்பது. டிஸ்க் விலகியது ஸ்கேனில் தெளிவாகத் தெரிகிற ஒருவர், ஒவ்வொரு வாரமும் ஒரு டாக்டர், எந்த ஆறுதலும் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது, நாள் முழுக்க முதுகைப் பற்றியே நினைப்பு என்றிருந்தால் அவருக்கு இந்த நோயறிதல் பொருந்தலாம். இந்த அம்மாவுக்கும் பயம் இருந்தது. தன் தாயார் கருப்பைப் புற்றுநோயில் இறந்தார், உள்ளே அதுதான் வளர்கிறது என்று நினைத்தார். அந்த பயம் அளவு மீறியதா? தாயார் இறந்ததைப் பார்த்தவர், அப்பெண்டிக்ஸை எடுத்தால் போய்விடும் என்று சொல்லப்பட்டு ஏமாந்தவர். விளக்கம் கொடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. நரம்பு வரும் வழியைத் தாளில் வரைந்து காட்டி, அப்பெண்டிக்ஸ் அறிக்கையையும் படித்துச் சொன்னோம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது புற்றுநோய் பயம் திரும்பவில்லை. அதனால் அந்தப் பெயரை வைக்கவில்லை.

மருந்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. இவர் கடையில் வாங்கி டிரமடாலும் டைக்ளோஃபினாக்கும் மாதக்கணக்கில் போட்டிருந்தார். அதன் மேலேயே எஸ்எஸ்ஆர்ஐ அல்லது டியூலாக்சிடினைத் தொடங்கினால், டிரமடாலோடு சேர்ந்து செரட்டோனின் நச்சும் வலிப்பும் வரலாம், டைக்ளோஃபினாக்கோடு இரைப்பையில் ரத்தக் கசிவு வரலாம். முதலில் அந்த இரண்டையும் படிப்படியாக நிறுத்தினோம். பிறகு டியூலாக்சிடின் 30 மில்லிகிராம், இரண்டு வாரத்தில் 60. இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிவிட்டு மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த அளவு நரம்பு வலிக்கு உதவலாம், மனச்சோர்வுக்குப் போதாது.

சர்ஜரி வார்டுக்கு நாங்கள் எழுதிய கருத்து ஏறக்குறைய இப்படி இருந்தது: “இரண்டு நோயறிதல்கள். ஒன்று, வலது வயிற்றுச் சுவரில் தோல்நரம்பு நசுங்கல், சான்று: கார்னெட், தோல் உணர்ச்சி மாற்றம், மரப்பு ஊசி போட்டதும் வலி குறைந்தது. இரண்டு, மிதமான மனச்சோர்வு நோய், மே மாதம் முதல். முதலாவதற்கு இரண்டாவது காரணம் அல்ல, ஆனால் தாங்கும் சக்தியைக் குறைக்கிறது. காய்ச்சல், வாந்தி, மேலும் எடைக் குறைவு வந்தால் இந்த முடிவை மறுபடி பார்க்க வேண்டும்.” கடைசி வாக்கியத்தை எப்போதும் எழுதுங்கள். மனநலத்துறை பார்த்தாயிற்று என்ற ஒரு வரி கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால், அதன்பின் அந்த வயிற்றை யாரும் தொடுவதில்லை.

மறுநாள் ஸ்டீராய்டு சேர்த்துப் போட்ட ஊசியின் பலன் ஐந்து வாரம் நின்றது. பிறகு வலி திரும்பி, இரண்டாம் முறை போட்டார்கள். அதுவும் நிற்காவிட்டால் அந்த நரம்பை வெட்டிவிடும் சிறு ஆபரேஷன் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எட்டாவது வாரத்தில் தூக்கம் நான்கு மணி வரை வந்தது. பெரிய கூடையை இரண்டு சிறு கூடையாக மாற்றிக்கொண்டார். இப்போது பயிற்சி மருத்துவர் வைத்திருக்கும் நோட்டில் இவருக்கு இரண்டு தனித்தனிப் பத்திகள்: குத்தல் ஒன்று, கனம் ஒன்று. அடுத்த ஏப்ரல் 15-க்குப் பிறகு இரண்டு மாதமும் வாரம் ஒரு முறை இரண்டுக்கும் மதிப்பெண் கேட்டு எழுதப் போகிறார். குத்தல் இறங்க வேண்டும், மருந்து வேலை செய்கிறது என்றால் கனம் இந்த முறை ஏறக்கூடாது. தூக்காமல் இருந்தும் குத்தல் ஏறினால் நாங்கள் எங்கோ தவறு செய்திருக்கிறோம், திரும்ப முதலில் இருந்து பார்ப்போம்.